குளோரின் தடாகத்துக்கு எந்த நீச்சல் கண்ணாடி? மேசையில் இருக்கும் மூன்றில் ஒன்று

புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டியிலோ விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் நீச்சல் கண்ணாடி கேட்டால், பெரும்பாலும் மூன்று வகை மேசைக்கு வரும். ஒன்று, காதடைப்பானும் மூக்குக் கிளிப்பும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் பையில் போட்ட மலிவு செட். இன்னொன்று, சிலிக்கன் விளிம்பும் கழற்றி மாற்றக்கூடிய மூக்குத்துண்டுகளும் உள்ள நடுத்தர விலைக் கண்ணாடி. பெட்டியில், வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கு யூவி என்றும், வில்லை மங்காது என்பதற்கு அன்டி-ஃபொக் என்றும் அச்சடித்திருக்கும். மூன்றாவது, போட்டி வீரர்கள் போடுவது போல மெலிந்த, முன்பக்கத்தில் நம் முகமே தெரிகிற மிரர் கண்ணாடி. பையிலிருந்து மிரர் வரை போவதற்குள் விலை பல மடங்காகிவிடும். கடைக்காரர் பேசுவது மிரரைப் பற்றியும் அன்டி-ஃபொக்கைப் பற்றியும்தான். 'முகத்தில் வைத்துப் பாருங்கள்' என்று சொல்பவர் குறைவு.

நான் பார்க்கிற வரிசை வேறு. முதலில் விளிம்பு முகத்தில் ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். அடுத்தது யூவி. அன்டி-ஃபொக் கடைசி. ஒட்டாத விளிம்பை வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. யூவி தடுப்பு நல்ல பிளாஸ்டிக் வில்லையோடு கூடவே வந்துவிடுகிறது, அதற்கென்று தனியாகக் காசு கொட்டத் தேவையில்லை. அன்டி-ஃபொக் பூச்சோ எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் தேய்ந்து போகிற சாமான். அது போன பிறகு சமாளிக்கச் சில்லறைக் காசு போதும்.

பத்து வயதான அக்கா மகனுக்கு வாங்கப் போனபோது இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். பயிற்சி பாடசாலை விட்ட பிறகு, பிற்பகல் மூன்றரையிலிருந்து ஐந்து வரை, கூரையில்லாத தடாகத்தில். சின்ன முகம், மூக்கின் மேல்பகுதி சற்றுத் தட்டை. 'தம்பி, கண் ரெண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து வருது, நல்லதா ஒண்டு பார்த்து வாங்கிக் குடு' என்பதுதான் அக்கா சொன்னது. அந்த மேசையை வைத்தே மீதியைச் சொல்கிறேன்.

கண் ஏன் சிவக்கிறது என்பது தெரிந்தால்தான் எதற்காகக் கண்ணாடி என்பது விளங்கும். கண்ணின் மேல் எப்போதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. தடாகத்து நீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதோடு குளோரின், நீரில் சேரும் வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு கலந்து குளோரமைன் என்ற பொருளை உண்டாக்குகிறது. கண்ணை எரிய வைப்பதில் பெரிய பங்கு அதற்குத்தான். தடாகத்துக்குப் பக்கத்தில் போனதுமே மூக்கைத் துளைக்கிற அந்த வாசனையும் அதனுடையதே. 'இன்றைக்குக் குளோரின் கூடப் போட்டுவிட்டார்கள்' என்று நாம் நினைக்கிற நாளில் பல நேரம் நிலைமை நேர்மாறு: நீந்த வந்த கூட்டத்துக்குக் குளோரின் போதாமல் போயிருக்கும். நீரின் பிஎச் அளவு 7.2இலிருந்து 7.8க்குள் இருந்தால் கண்ணுக்கு ஓரளவு இதம், ஏனென்றால் கண்ணீருடையதும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் தடாகத்து நீர் நம் கையில் இல்லை. கண்ணுக்கும் நீருக்கும் நடுவில் காற்றுப் பை ஒன்றை வைப்பதுதான் நம்மால் முடிந்தது. நீச்சல் கண்ணாடி செய்கிற வேலை அவ்வளவுதான். அந்தப் பைக்குள் ஓயாமல் நீர் கசிந்தால் கண்ணாடி போட்டும் பயனில்லை. உள்ளே வந்த நீர் வெளியே போக வழியில்லாமல் கண்ணிலேயே தளும்பிக்கொண்டிருக்கும்.

சரி, விளிம்பைப் பார்ப்போம். மலிவு செட்டில் பெரும்பாலும் விளிம்பும் மூக்கிடையும் ஒரே வார்ப்பாக, கடினமான பிவிசியில் வரும். விரலால் அமுக்கினால் மெதுவாகத்தான் மடங்கும், விட்டால் மெதுவாகத்தான் திரும்பும். குளோரினும் வெயிலும் பட்டுப் பட்டு அது மஞ்சளாகி இறுகும், பிறகு ஓரங்களில் வெடிக்கும். நடுத்தர வகையில் இரண்டு உண்டு, வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்: சிலிக்கன், தெர்மோபிளாஸ்டிக் ரப்பர். இரண்டும் புதிதில் மிருது. குளோரினுக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிப்பது சிலிக்கன்தான். ரப்பர் வகை நாளடைவில் ஒன்றில் விறைத்துவிடும், அல்லது பிசுபிசுக்கத் தொடங்கும். பெட்டியில் சிலிக்கன் என்று எழுதியிருந்தாலும், அது விளிம்பா அல்லது பின்பட்டி மட்டுமா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். 'சிலிக்கன் பட்டி' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, விளிம்பைப் பற்றி வாய் திறக்காத பெட்டிகள் உண்டு.

விளிம்பே இல்லாத வகை ஒன்றும் இருக்கிறது, சுவீடிஷ் கண்ணாடி என்பார்கள். வில்லையின் கடினமான ஓரமே கண்குழி எலும்பில் உட்காரும். மூக்கிடையில் ஒரு நூல், அதை நாமே அளந்து கட்டிக்கொள்ள வேண்டும். பழகியவர்கள் வேறொன்றைத் தொடமாட்டார்கள். பிள்ளைக்கு முதல் கண்ணாடியாக அது வேண்டாம்.

எந்த வகையானாலும் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பின்பட்டியைத் தலையில் மாட்டாமல் முன்னால் தொங்கவிட்டு, கண்ணாடியை இரண்டு கண்குழியிலும் வைத்து மெல்ல அமுக்கிக் கையை எடுக்க வேண்டும். விளிம்பு முகத்துக்குப் பொருந்தினால் உள்ளே சிறிது உறிஞ்சல் உண்டாகி, பட்டியில்லாமலே ஒன்றிரண்டு நொடி ஒட்டி நிற்கும். உடனே விழுந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. முகத்தில் வியர்வையோ கிரீமோ இல்லாமல் துடைத்துவிட்டுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பொருந்தாததும் வழவழப்பால் ஒட்டிக் காட்டும். ஒட்டி நிற்கும்போது கண்ணைப் பலமாகச் சிமிட்டச் சொல்ல வேண்டும். இமை மயிர் வில்லையில் தட்டினால், ஒவ்வொரு சிமிட்டலும் வில்லையின் உட்பூச்சைத் துடைக்கும். அப்படிப்பட்டதில் பிள்ளை அரைமணி நேரம்கூட நிம்மதியாக நீந்தமாட்டான்.

எங்கள் மேசையில் நடந்தது இது. மலிவு செட் கையை எடுத்த மாத்திரத்தில் மடியில் விழுந்தது. மூக்கிடை அவனுக்கு அகலம். கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டிய இடத்தில் விளிம்பு தோலைத் தொடவேயில்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. மிரர் கண்ணாடி சிறிது நேரம் நின்றது, ஆனால் அது வளர்ந்தவர்களின் கண்குழிக்கு அளந்த போட்டிக் கண்ணாடி. விளிம்பு மெல்லியது, எலும்பின் மேலேயே உட்கார்ந்து, எடுத்தபோது புருவத்துக்குக் கீழே சிவந்த வளையம் போட்டிருந்தது. நடுத்தரக் கண்ணாடியும் முதலில் விழத்தான் செய்தது. பெட்டிக்குள் மூன்று மூக்குத்துண்டுகள் இருந்தன. இருந்ததைக் கழற்றிவிட்டு ஆகச் சிறியதை மாட்டி மறுபடி வைத்தோம். 'மாமா, இது பிடிச்சு இழுக்குது' என்றான். கையை எடுத்தேன், நின்றது.

எங்கே ஒழுகுகிறது என்பதை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். கண்ணின் உள்மூலையில் நீர் வந்தால் மூக்குத்துண்டு பொருந்தவில்லை. பெரும்பாலும் அகலம், சில நேரம் குறுகலாகி வில்லையைச் சாய்த்துவிட்டிருக்கும். மேற்பக்கத்தில் வந்தால் விளிம்பு புருவத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, மயிரினூடாக நீர் நுழைகிறது. வெளிமூலையில் வந்தால் பட்டியைச் சந்தேகப்பட வேண்டும். பட்டி காதுக்கு அருகே கீழிறங்கிக் கிடந்தால் வில்லையின் வெளிப்பக்கத்தைக் கீழ்நோக்கி இழுக்கும். பின்தலையில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே அது இருக்க வேண்டும். இரட்டைப் பட்டியானால் ஒன்றை உயரேயும் மற்றதைக் கீழேயும் விரித்துப் போட்டால் இழுப்பு சமமாகும்.

ஒழுகியதும் பட்டியை இறுக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பொருந்துகிற கண்ணாடிக்குப் பட்டி என்பது விழாமல் தாங்க மட்டும்தான். நீரைத் தடுப்பது விளிம்பும் அந்தச் சிறு உறிஞ்சலும். அளவுக்கு மீறி இறுக்கினால் மிருதுவான சிலிக்கன் மடிந்து, மடிப்பின் ஓரத்தில் புதிதாக ஒரு வழி திறக்கும். அதனால் இறுக்க இறுக்க ஒழுகுவது கூடும். தடாகத்தை விட்டு ஏறிக் கொஞ்ச நேரமாகியும் கண்ணைச் சுற்றி ஆழமான வளையம் மறையாமல் இருந்தால் பட்டி இறுக்கம் என்று அர்த்தம். கண் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா, உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சிறிய விளிம்புள்ள கண்ணாடி கண்குழிக்குள்ளேயே அமுக்குவதால், அணிந்திருக்கும் நேரத்தில் கண்ணின் உள்ளழுத்தம் கூடுவது அளந்து அறியப்பட்ட விஷயம். அவர்கள் கண்குழிக்கு வெளியே கன்னத்திலும் நெற்றியோரத்திலும் உட்காரும் பெரிய சட்டமுள்ள வகையைப் பார்க்கலாம், கண் வைத்தியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

கடையில் ஒட்டிய கண்ணாடி தடாகத்தில் ஒழுகியது. முதல் கிழமையிலேயே இடது வெளிமூலையில் நீர். போய்ப் பார்த்தால் நீச்சல் தொப்பியின் ஓரம் விளிம்புக்கு அடியில் மடிந்திருந்தது. தொப்பியை நெற்றியில் கொஞ்சம் மேலே ஏற்றியதும் அந்தக் கசிவு நின்றது. வலது கண்ணில் வேறு கதை. அக்கா பிள்ளையின் முகம் முழுக்கச் சன்ஸ்கிரீன் பூசி அனுப்பியிருந்தாள், கண்ணுக்குக் கீழேயும் தாராளமாக. கிரீமின் மேல் சிலிக்கன் வழுக்கும், கிரீம் கரைந்து உள்ளே வந்தால் குளோரினைவிட மோசமாக எரியும். விளிம்பு உட்காரும் வளையத்தை மட்டும் விட்டுவிட்டுப் பூசச் சொன்னேன். அந்த இடத்தைத்தான் கண்ணாடி மறைக்கிறதே.

இனி யூவி. கொழும்பு பூமத்தியரேகைக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே இருக்கிறது. வானம் தெளிந்த நாளில், நண்பகலில், யூவி சுட்டெண் 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 11உம் அதற்கு மேலும் என்றால் 'மிகத் தீவிரம்'. சுட்டெண் 3இலிருந்தே பாதுகாப்புத் தேவை என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. மெல்லிய மேகம் யூவியை அவ்வளவாகத் தடுக்காது, அதனால் மப்பும் மந்தாரமுமான நாளை நம்பிவிடக் கூடாது. நீருக்குள் இருக்கிறோமே என்பதும் ஆறுதலில்லை: அரை மீற்றர் ஆழத்திலும் மேற்பரப்பில் இருப்பதில் ஏறத்தாழ 40 சதவீத யூவி இருக்கும். வெயிலிலேயே திரிகிறவர்களுக்குக் கண்ணின் வெள்ளையில் சதை வளர்ந்து கருவிழியை நோக்கி ஏறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், கடற்றொழிலாளரிடம் அதிகம். வருடக்கணக்கான யூவிக்கும் அதற்கும் தொடர்புண்டு. கண்புரைக்கும் அது ஒரு காரணம்.

ஆகவே யூவி எவ்வளவு தேவை என்பது நீங்கள் எத்தனை மணிக்கு நீந்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விடிகாலை ஆறு மணிக்கு இறங்கி ஏழுக்கு முன் ஏறுகிறவருக்கு யூவி பெயரளவுக்குத்தான். அவருக்கு வேண்டியது நிறமில்லாத வில்லை. அந்த அரையிருட்டில் கறுப்பு வில்லை போட்டால் தடாகத்தின் சுவரே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் குடும்பத்தோடு தடாகத்துக்குப் போகிறவருக்கு யூவி கட்டாயம். மருமகனின் மூன்றரை மணி நடுவில் வருகிறது. உக்கிரம் தணிந்துவிட்டாலும் யூவி இருக்கிறது. அதைவிட அவனுக்குத் தொல்லை கூசுவதுதான். மல்லாந்து நீந்தும்போது முகம் வானத்தைப் பார்த்தபடியே இருக்கும், ஐந்து மணியை நெருங்கும்போது மேற்கு வெயில் சாய்ந்து நேரே கண்ணில் அடிக்கும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். நிறத்துக்கும் யூவிக்கும் சம்பந்தமில்லை. யூவியைத் தடுப்பது வில்லையின் பொருளும் அதில் கலந்திருக்கும் சேர்மானமும். நல்ல நீச்சல் கண்ணாடிகளின் வில்லை பெரும்பாலும் பொலிகார்பனேற். அது இயல்பாகவே யூவியின் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும், மிச்சத்தைச் சேர்மானம் பார்த்துக்கொள்ளும். அதனால் பளிங்கு போல நிறமற்ற பொலிகார்பனேற் வில்லைகூட முழுப் பாதுகாப்புத் தரலாம். மறுபக்கம், எந்தப் பொருள் என்றே சொல்லாத மலிவு வில்லை கறுப்பாக இருந்தால் அது இரட்டைக் கெடுதி: இருட்டில் கருமணி விரியும், விரிந்த வாசல் வழியே யூவி கூடுதலாக உள்ளே போகும். மிரர் என்பது மேலே பூசிய ஓர் உலோகப் படலம். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக் கூசலைக் குறைக்கும், யூவிக்கு அதுவே உத்தரவாதமில்லை. நகம் பட்டாலும் பையில் சாவி உரசினாலும் கீறிவிடும். பாடசாலைப் பையில் கொம்பாசுப் பெட்டியோடு பயணம் செய்யப்போகிற கண்ணாடிக்கு மிரர் வாங்குவது வீண் செலவு.

பெட்டியில் வெறுமனே 'யூவி பாதுகாப்பு' என்றிருந்தால் அதில் அதிகம் சாரமில்லை. 'யூவி 400' என்றிருந்தால் 400 நனோமீற்றர் வரையான கதிர்களைத் தடுப்பதாக உற்பத்தியாளர் பொறுப்பேற்கிறார் என்று பொருள். ஐஎஸ்ஓ 18527-3 என்ற எண் இருந்தால் இன்னும் நல்லது. நீச்சல் கண்ணாடிகளுக்கென்றே 2020இல் வந்த தரம் அது. அச்சை மட்டும் நம்ப மனமில்லையா? வாங்கிய பிறகு பக்கத்துக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோங்கள். வில்லை எவ்வளவு யூவியை விடுகிறது என்று காட்டும் சிறு கருவி பல கடைகளில் இருக்கும், வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நாணயத்தாள் சோதிக்கிற ஊதா விளக்காலும் ஓரளவு பார்க்கலாம். தாளை விளக்கின் கீழே பிடித்தால் சில இழைகள் ஒளிரும். விளக்குக்கும் தாளுக்கும் நடுவில் வில்லையைப் பிடித்ததும் அந்த ஒளிர்வு அணைய வேண்டும். ஆனால் மலிவான விளக்குகள் 395 நனோமீற்றர் அளவில், பார்க்கிற ஊதா வெளிச்சத்தோடு எல்லையில் நிற்பவை. நல்ல வில்லையினூடாகவும் கொஞ்சம் ஒளிர்வு தெரியக்கூடும். ஒளிர்வு முழுதாக அணைந்தால் நம்பலாம், அரைகுறையாகத் தெரிந்தால் கருவியிடம் போவதே சரி.

மருமகனுக்கு எடுத்தது மெல்லிய புகைநிற வில்லை. பிற்பகல் கூசலுக்குப் போதும், மல்லாந்து நீந்தும்போது சுவர் நெருங்குவதைக் காட்டத் தடாகத்துக்கு மேலே கட்டும் கொடிக்கயிறு மழை இருட்டிலும் தெரியும்.

அன்டி-ஃபொக்குக்கு வருவோம். கண்ணைச் சுற்றிய தோல் சூடும் ஈரமும் விட்டுக்கொண்டே இருக்கிறது. அடைபட்ட அந்தச் சிறு காற்று ஈரத்தால் நிறையும். வில்லையின் மறுபக்கத்தில் தடாகத்து நீர் பட்டுக் குளிர்ந்திருப்பதால் ஈரம் அங்கே படிந்து சிறு சிறு துளிகளாக நிற்கும். ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் எல்லாம் மங்குகிறது. கொழும்பின் திறந்தவெளித் தடாகத்து நீர் வெதுவெதுப்பானது, குளிர்நாட்டுத் தடாகங்களைவிட இங்கே மங்கல் குறைவாக வர வேண்டும். ஆனால் நாம் வியர்த்துக்கொட்டக் கரையில் நின்றுவிட்டுச் சூடான முகத்தில் அப்படியே கண்ணாடியை மாட்டுகிறோம், அங்கே அந்த லாபம் போய்விடுகிறது. முதலில் முகத்தைத் தடாகத்து நீரால் கழுவிக்கொள்ள வேண்டும். கண்ணாடியையும் நீரில் முக்கி, உதறிவிட்டு மாட்ட வேண்டும். இதற்குக் காசு இல்லை, பாதி மங்கல் இதிலேயே போகும்.

பெட்டிக்குள் இருந்து வரும் அன்டி-ஃபொக் என்பது வில்லையின் உட்பக்கத்தில் பூசிய, நீரை விரும்பும் மெல்லிய படலம். ஈரம் படிவதை அது தடுப்பதில்லை. படிந்த ஈரத்தைத் துளியாக நிற்கவிடாமல் தட்டையாகப் பரப்பிவிடும், அப்போது அதனூடாகத் தெளிவாகப் பார்க்கலாம். இந்தப் படலத்துக்கு எதிரி விரல். மங்கியதும் கட்டைவிரலை உள்ளே விட்டுத் தேய்க்கிறோமே, அதுதான் அதை உரித்தெடுக்கிறது. விரலில் சன்ஸ்கிரீனோ எண்ணெயோ இருந்தால் இன்னும் மோசம், எண்ணெய் படிந்த இடத்தில் நீர் மறுபடி துளியாகவே நிற்கும். பூச்சு போய்விட்டதா என்று பார்ப்பது சுலபம். உட்பக்கத்தில் குழாய் நீரை விட்டு வடியவிடுங்கள். தகடு போல ஒரே படலமாக வடிந்தால் பூச்சு இருக்கிறது. முத்து முத்தாக ஒதுங்கினால் போய்விட்டது. சில இடத்தில் மட்டும் முத்தாக நின்றால் அங்கேதான் விரல் போயிருக்கிறது. விரலால் தடவினால்தான் பூச்சு மறுபடி வேலை செய்யும் என்று சொல்லி விற்கும் வகையும் இப்போது உண்டு. பெட்டிக்குள் இருக்கும் தாளில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் தடவுங்கள்.

கிழமைக்குப் பல நாள் நீந்துகிறவரிடம் இந்தப் பூச்சு சில மாதங்களில் பலவீனமாகிவிடும், மலிவானதில் அதற்கும் முன்னரே. அதற்குப் பிறகு செய்யக்கூடியவை மூன்று. எச்சில் தடவி நீரில் அலசுவது பழைய வழி, எச்சிலும் நீரைப் பரப்பும். ஒரு சுற்றுக்குத் தாங்கும், பிறகு திரும்பச் செய்ய வேண்டும். குழந்தைகளின் ஷாம்புவில் ஒரு துளியை நீரில் கரைத்து உட்பக்கம் நனைத்து ஊற்றிவிடுவது அடுத்தது. நன்றாக அலசாவிட்டால் அது கண்ணுக்குள் போய் எரிக்கும். 'கண்ணீர் வராத ஷாம்பு' என்ற விளம்பரம் மூடிய கண்ணாடிக்குள் ஒரு மணி நேரம் இருப்பதற்குச் சொன்னதல்ல. மூன்றாவது, கடையில் கிடைக்கும் அன்டி-ஃபொக் ஸ்பிரே அல்லது ஜெல். தாளில் சொன்ன நேரம் காயவிட்டு, பிறகு அலசிப் போட வேண்டும். பிள்ளைகளுக்கு நான் சொல்வது எச்சில்தான். எந்தப் பிள்ளைக்கும் அதைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

இதனால்தான் அன்டி-ஃபொக் நன்றாக இருக்கிறது என்று சொல்லி விலை கூடியதைத் தள்ளினால் நான் அசைவதில்லை. புதிதாகப் பெட்டியைத் திறக்கும்போது நடுத்தரக் கண்ணாடியும் மிரரும் ஒரே மாதிரித்தான் தெளிவாக இருக்கும். ஒரு தவணை முடியும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் மங்கும்.

ஆக, மருமகனுக்கு நடுத்தரக் கண்ணாடி: சிலிக்கன் விளிம்பு, சிறிய மூக்குத்துண்டு, புகைநிற யூவி 400 வில்லை. விடிகாலையில் மட்டும் நீந்துகிற ஒருவர் அதையே நிறமற்ற வில்லையில் எடுக்கலாம். கூசும் வெயிலில், வளர்ந்த முகத்தில், போட்டிக்கென்றே நீந்துகிறவருக்கு மிரரில் நியாயம் இருக்கிறது. அவர் அதைப் போட்டி நாளுக்கு வைத்துக்கொண்டு பயிற்சிக்கு வேறொன்று போடுவது நல்லது. மலிவு செட்டும் சில முகத்துக்கு அச்சாகப் பொருந்தும். அப்படியானால், வருடத்தில் இரண்டு மூன்று தரம் சுற்றுலா விடுதித் தடாகத்தில் இறங்குகிற பிள்ளைக்கு அது போதும், ஆனால் விடிகாலையிலோ பின்னேரமோ மட்டும்.

பார்வைக் கண்ணாடி போடுகிறவர்கள் கொன்டக்ட் லென்சோடு தடாகத்தில் இறங்குவதுண்டு, மேலே நீச்சல் கண்ணாடி இருக்கிறதே என்ற தைரியத்தில். வேண்டாம். ஒரு துளி கசிந்தாலும் லென்சுக்கு அடியில் நீர் சிக்கிக்கொள்ளும். நீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியில் தொற்றினால் பார்வையே போகலாம், குளோரின் போட்ட நீரிலும் அது தப்பிப் பிழைக்கும். பவருள்ள நீச்சல் கண்ணாடி கிடைக்கிறது. கிட்டப்பார்வைக்கு அரை அரைப் பவராக ஏறும் வில்லைகள், சில வகையில் இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறாக வாங்கிப் பொருத்தலாம். உங்கள் பவருக்குச் சரியாக வராவிட்டால் ஒரு படி குறைந்ததை எடுங்கள், சுவரையும் மணிக்கூட்டையும் பார்க்க அது போதும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டியது இரண்டு. நீச்சல் கண்ணாடி மூக்கை மூடுவதில்லை, அதனால் ஆழத்துக்குப் போகும்போது உள்ளே காற்றூதி அழுத்தத்தைச் சமப்படுத்த வழியில்லை. ஆழமான பக்கத்தில் அடியில் போட்ட நாணயத்தை எடுக்கப் போனால் கண்ணாடி கண்ணை உறிஞ்சும், வெள்ளையில் இரத்தம் கட்டும். மற்றது, கழற்றும்போது வில்லையைப் பிடித்து முன்னால் இழுக்கக் கூடாது. கை நழுவினால் அது பட்டியின் விசையில் திரும்பி வந்து கண்ணில் அடிக்கும், அதில் பார்வை பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பின்தலையில் பட்டியைப் பிடித்து மேலே தூக்கிக் கழற்ற வேண்டும்.

ஏறியதும் குழாய் நீரில் அலசி, உட்பக்கத்தைத் துடைக்காமல் உதறி, நிழலில் காயவிட்டால் சிலிக்கன் விளிம்பு நெடுநாள் மிருதுவாக இருக்கும். வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்குக் கீழே போட்டுவிட்டுப் போனால் பூச்சும் பட்டியும் சீக்கிரம் கெடும். முதலில் போவது பெரும்பாலும் பட்டிதான், கொளுவிக்குள் மடிகிற இடத்தில் வெடிக்கும். அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். விளிம்பு சட்டத்தோடு சேரும் இடத்தில் நகத்தை விட்டுப் பாருங்கள். அங்கே பிரிந்திருந்தால் மூக்குத்துண்டும் பட்டியும் எவ்வளவு புதிதானாலும் ஒழுகும், அப்போது அடுத்ததை வாங்க வேண்டியதுதான். பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள், மூக்குத்துண்டின் அளவை அதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.